லிஃப்ட் ஏ.எம்.சி.யை நிறுத்த 60 நாள் நோட்டீஸ்: கடைசி தேதி எது?

“எங்கள் அடுக்ககத்தின் லிஃப்ட் ஏ.எம்.சி. 1-4-2026 முதல் 31-3-2027 வரை. ‘ஒப்பந்தக் காலம் முடிவதற்குக் குறைந்தது 60 நாள்களுக்கு முன் எழுத்து மூலம் நோட்டீஸ் தராவிட்டால் அடுத்த ஓராண்டுக்குத் தானாகவே புதுப்பிக்கப்படும்’ என்று போட்டிருக்கிறார்கள். நோட்டீஸ் அவர்களுடைய பதிவு அலுவலகத்துக்கு ஸ்பீட் போஸ்ட்டில் போக வேண்டுமாம். அனுப்பி மூன்று வேலை நாள் கழித்துக் கிடைத்ததாகக் கருதப்படுமாம். எங்கள் பொருளாளர் ஜனவரி 31 கடைசி என்கிறார். தலைவரோ பிப்ரவரி 1 அன்று அனுப்பினாலும் போதும் என்கிறார். உண்மையில் கடைசி தேதி எது?”

ஜனவரி 29, 2027, வெள்ளிக்கிழமை. அன்றைக்குள் நோட்டீஸ் அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும். அனுப்புவது வேறு, கிடைப்பது வேறு. உங்கள் ஒப்பந்தத்தின் மூன்று வேலை நாள் கணக்கைச் சேர்த்தால், தபாலில் சேர்க்கக் கடைசி நாள் ஜனவரி 25, திங்கள். அதையும் கறாராகப் படித்தால் ஜனவரி 22, வெள்ளி. பொருளாளர் சொல்லும் தேதி வாதாடிப் பார்க்கக்கூடியது. தலைவர் சொல்வது எந்தக் கணக்கிலும் நிற்காது.

தலைவர் எங்கே தவறினார் என்பது எளிது. அவர் 60 நாளை இரண்டு மாதமாக எடுத்துக்கொண்டார். ஏப்ரல் 1-க்கு இரண்டு மாதம் முன் பிப்ரவரி 1, சரிதான். ஆனால் பிப்ரவரிக்கு 28 நாள், மார்ச்சுக்கு 31 நாள், கூட்டினால் 59. பிப்ரவரி 1-ஐயும் மார்ச் 31-ஐயும் சேர்த்து எண்ணினாலும் ஒரு நாள் குறைகிறது. மார்ச் 31-இல் முடியும் ஒப்பந்தங்களில் இது ஆண்டுதோறும் நடக்கிற விபத்து, காரணம் நடுவில் பிப்ரவரி உட்கார்ந்திருக்கிறது. டிசம்பர் 31-இல் முடியும் ஒப்பந்தமாக இருந்தால் நவம்பரும் டிசம்பரும் சேர்ந்து 61 நாள், நவம்பர் 1 அன்று கொடுத்தவர் தப்பித்திருப்பார். நாள் என்று எழுதியிருந்தால் நாளைத்தான் எண்ண வேண்டும், மாதம் என்று எழுதியிருந்தால்தான் மாதக் கணக்கு.

பொருளாளர் சொன்ன ஜனவரி 31 அவ்வளவு லேசாகத் தள்ளக்கூடியதல்ல. அந்த நாளையும் மார்ச் 31-ஐயும் இரண்டையும் சேர்த்து எண்ணினால் சரியாக 60 வருகிறது. சிக்கல் என்னவென்றால், நோட்டீஸ் கொடுத்த நாளைக் கணக்கில் சேர்ப்பது வழக்கமில்லை. ஒரு தேதியிலிருந்து இத்தனை நாள் என்றால் அந்தத் தேதியை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ணுவதுதான் நம் சட்டங்களின் பொது வழக்கு. 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 9-ஆம் பிரிவும், 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவும் அந்த அடிப்படையில்தான் எழுதப்பட்டவை. இவை தனியார் ஒப்பந்தத்தை நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாதபோது மத்தியஸ்தரோ நீதிமன்றமோ அதே வழியில் எண்ணத் தொடங்கினால் ஆச்சரியப்படக் கூடாது. அப்படி எண்ணினால் ஜனவரி 30 அன்று கிடைத்த நோட்டீஸுக்கு ஜனவரி 31 முதல் மார்ச் 31 வரை 1, 28, 31 என்று சரியாக 60 நாள் கிடைக்கும்.

அப்படியென்றால் ஜனவரி 30 போதாதா, ஏன் 29 என்கிறேன்? காரணம் உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும் ‘குறைந்தது’ என்ற சொல். நாகர்கோவில் நகராட்சிக்கு எதிராக ஒரு மோட்டார் நிறுவனம் தொடுத்த வழக்கில், ‘ஒரு மாதத்துக்குக் குறையாமல்’ என்று சட்டம் சொன்னால் முதல் நாளையும் கடைசி நாளையும் விலக்கி, நடுவில் முழு மாதம் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பொருள் கொண்டது. வக்கீல்கள் இதைத்தான் ‘கிளியர் டேஸ்’ என்பார்கள். அது வரி விதிப்பு பற்றிய சட்டம், உங்களுடையது லிஃப்ட் ஒப்பந்தம். ஆனாலும் எதிர்த்தரப்பு வக்கீல் கையில் எடுக்கக்கூடிய வாதம் அது. நோட்டீஸ் நாளையும் மார்ச் 31-ஐயும் இரண்டையும் விலக்கினால், நடுவில் ஜனவரி 30 முதல் மார்ச் 30 வரை 2, 28, 30 என்று 60 நாள். ஆக நோட்டீஸ் ஜனவரி 29-இல் கிடைத்திருக்க வேண்டும். மூன்று கணக்குகளுக்கும் இடையே இருப்பது இரண்டே நாள். ஓராண்டுப் பராமரிப்புக் கட்டணத்தை வைத்து அந்த இரண்டு நாளுக்குச் சூதாட வேண்டாம் என்பது என் கட்சி.

எக்ஸெல்லில் சரிபார்க்க நினைத்தால் இப்படி. முதல் வரி சாதாரணக் கணக்கு, இரண்டாவது கறார் கணக்கு:

```
=DATE(2027,3,31)-60
=DATE(2027,3,31)-61
```

முதலாவது ஜனவரி 30 என்றும் இரண்டாவது ஜனவரி 29 என்றும் காட்டும்.

எண்ணத் தொடங்குமுன் எதிலிருந்து எண்ணுவது என்பதை ஒப்பந்தத்தில் விரல் வைத்துப் பாருங்கள். உங்களுடையதில் ‘காலம் முடிவதற்கு’ என்றிருக்கிறது, அது மார்ச் 31. சில ஒப்பந்தங்களில் ‘புதுப்பிக்கும் நாளுக்கு முன்’ என்றிருக்கும், அது ஏப்ரல் 1. அதனாலேயே எல்லாக் கணக்கும் ஒரு நாள் தள்ளிப்போகும். லிஃப்ட் விஷயத்தில் இன்னொன்று அடிக்கடி நடக்கிறது. ஒப்பந்தத்தில் தேதியே இருக்காது, ‘இலவசப் பராமரிப்புக் காலம் முடிந்த நாள் முதல் ஓராண்டு’ என்றிருக்கும். அந்த நாள் லிஃப்டை ஒப்படைத்த சான்றிதழில் இருக்கும், அந்தச் சான்றிதழ் பில்டரிடம் இருக்கும். பில்லில் அச்சாகும் காலம் காலாண்டுக்குப் பொருந்த வேண்டும் என்று ஏப்ரல் 1 எனப் போட்டிருப்பார்கள், ஒப்பந்தமோ மார்ச் 18-இலேயே முடிந்திருக்கும். பில்லை நம்பி எண்ணியவர் இரண்டு வாரம் தாமதமாகிப் போவார். நீங்கள் சொல்லும் இரண்டு தேதிகளும் கையெழுத்தான ஒப்பந்தத்திலிருந்து எடுத்தவையா, பில்லிலிருந்து எடுத்தவையா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். அதன்பின் ஏதாவது திருத்தக் கடிதம் போட்டுத் தேதியை மாற்றியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

இனி தபால். 2027 ஜனவரி கடைசி வாரம் உங்களுக்குச் சாதகமாக இல்லை. ஜனவரி 26 செவ்வாய் குடியரசு தினம். ஜனவரி 30 சனி, 31 ஞாயிறு. திங்கள் 25 அன்று தபாலில் சேர்த்தால் 27, 28, 29 மூன்றும் வேலை நாள், மூன்றாவது நாளான 29 அன்று கிடைத்ததாகக் கருதப்படும். எக்ஸெல்லும் இதையே சொல்லும்:

```
=WORKDAY(DATE(2027,1,29),-3,DATE(2027,1,26))
```

ஆனால் ‘மூன்று வேலை நாள் கழித்து’ என்பதில் ஒரு முள் இருக்கிறது. மூன்றாவது வேலை நாளில் கிடைத்தது என்று பொருளா, மூன்று நாளும் முடிந்த மறுநாளா? இரண்டாவது பொருளைப் பிடித்துக்கொண்டால் 25 அன்று அனுப்பியது 30-ஆம் தேதிக்குப் போய்விடும், சனிக்கிழமை அவர்களுக்கு வேலை நாள் இல்லையென்றால் பிப்ரவரி 1-க்கே போய்விடும். அதற்குத்தான் 22-ஐச் சொன்னேன். அன்று அனுப்பினால் 25, 27, 28 மூன்றும் கழிந்து 29-இல் நிற்கும். விடுமுறையில் முடிந்தால் அடுத்த வேலை நாள்வரை நேரம் உண்டு என்று சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 10-ஆம் பிரிவு அப்படிச் சொல்வது, ஒரு சட்டத்தின்படி நீதிமன்றத்திலோ அலுவலகத்திலோ செய்ய வேண்டிய காரியங்களுக்கு. இரு தனியாருக்கு இடையேயான ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் மட்டுமே அந்தச் சலுகை. அதுவும் இங்கே முன்னோக்கி எண்ணவில்லை, பின்னோக்கி எண்ணுகிறோம். கடைசி நாள் விடுமுறையானால் அதற்கு முந்தைய வேலை நாளுக்குத்தான் நீங்கள் நகர வேண்டும்.

எங்கே அனுப்புகிறோம் என்பதில்தான் நான் ஒரு முறை சூடுபட்டேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஜெனரேட்டர் பராமரிப்பு ஒப்பந்தத்தை நிறுத்த வேண்டியிருந்தது. மாதாமாதம் வந்துபோகும் கிளை மேலாளர் நல்ல பழக்கம். அவருக்கு மின்னஞ்சல் போட்டேன், வாட்ஸ்அப்பிலும் சொன்னேன், அவரும் “சரி சார், மேலே சொல்லிடறேன்” என்றார். தேதி தாராளமாக இருந்தது. காலம் முடிந்த மறுவாரம் புதிய ஆண்டுக்கான பில் வந்தது. ஒப்பந்தத்தில் நோட்டீஸ் பதிவு அலுவலகத்துக்குக் காகிதமாகப் போக வேண்டும் என்றிருந்தது. மேலாளர் சொன்னாரா, மறந்தாரா என்பது இன்றுவரை தெரியாது. கடைசியில் ஒரு காலாண்டுக் கட்டணத்தைக் கொடுத்துச் சமாதானமானோம். மின்னஞ்சலுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை என்று சொல்ல வரவில்லை. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி, நோட்டீஸுக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரியை அவர்களே குறித்துக் கொடுத்திருந்தால், செய்தி அந்தப் பெட்டிக்குள் நுழைந்த நேரமே கிடைத்த நேரம். வேறு முகவரிக்குப் போட்டால் அவர்கள் எடுத்துப் பார்த்த நேரம்தான் கணக்கு, அதை நீங்கள் நிரூபிக்க வேண்டும். உங்கள் ஒப்பந்தம் மின்னஞ்சல் பற்றிப் பேசவே இல்லை. ஆகவே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள், அதன் நகலை மின்னஞ்சலில் கூடுதலாக அனுப்புங்கள். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று வேண்டாம்.

இங்கிலாந்தில் 1997-இல் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்த மன்னாய் வழக்கு இந்த இரண்டு விஷயத்தையும் அழகாகப் பிரித்துக் காட்டுகிறது. வாடகைக்கு இருந்த நிறுவனம் ஜனவரி 13 அன்று குத்தகையை முடிக்கலாம். நோட்டீஸில் ஜனவரி 12 என்று எழுதிவிட்டது. வீட்டுக்காரர் ஒரு நாள் பிழையைப் பிடித்துக்கொண்டார். மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வாடகைதாரர் ஜெயித்தார், ஏனென்றால் படித்தவர் யாருக்கும் அவர் சொல்ல வந்தது புரியும். ஆனால் அதே தீர்ப்பில் ஹாஃப்மன் பிரபு ஒன்று சொன்னார்: நோட்டீஸ் நீலத் தாளில் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னால் இளஞ்சிவப்புத் தாளில் கொடுத்தது செல்லாது, எவ்வளவு தெளிவாக எழுதியிருந்தாலும். வாசகத்தில் நேர்ந்த பிழைக்கு இரக்கம் உண்டு, சொன்ன முறையை மீறியதற்கு இல்லை. இங்கிலாந்துத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது, ஆனால் என் கிளை மேலாளர் கதை இளஞ்சிவப்புத் தாள் கதைதான்.

வாசகத்தில் அந்த ஒரு நாள் பிழைக்கு இடம் தராமலே எழுதலாம். நான் இப்படி எழுதுவேன்: ‘இந்த அடுக்ககத்தின் இரண்டு லிஃப்டுகளுக்குமான, இன்ன எண் கொண்ட பராமரிப்பு ஒப்பந்தத்தை, 31-3-2027 அன்றோ, நடப்புக் காலம் ஒப்பந்தப்படி முடியும் வேறு நாள் எதுவோ அன்றோ, மேற்கொண்டு புதுப்பிக்க எங்களுக்கு விருப்பமில்லை. இது ஒப்பந்தத்தின் இன்ன பிரிவின் கீழ் தரப்படும் நோட்டீஸ்.’ அவ்வளவு போதும். ‘கட்டணத்தைக் குறைத்தால் யோசிப்போம்’ என்று அதே கடிதத்தில் சேர்க்காதீர்கள். சங்கங்கள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்கி விழுகின்றன. அப்படிச் சேர்த்தால் அது நிறுத்தும் நோட்டீஸா, பேரம் பேசும் கடிதமா என்ற கேள்வி வரும். பேரம் பேசுவதானால் நோட்டீஸ் போன பிறகு தனியாகப் பேசுங்கள், அப்போது உங்கள் கையும் ஓங்கியிருக்கும்.

கையெழுத்தும் கவனம். ஒப்பந்தத்தில் சங்கத்தின் சார்பில் யார் கையெழுத்திட்டார்களோ அந்தப் பொறுப்பில் இப்போது இருப்பவர் இடுவது நல்லது. நிர்வாகக் குழுத் தீர்மானம் வேண்டும் என்று உங்கள் விதிமுறை சொன்னால் கூட்டம் எப்போது என்று பாருங்கள். ஜனவரியில் பொங்கல் விடுமுறையில் பாதிப்பேர் ஊரில் இருக்க மாட்டார்கள், கோரம் சேராது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் நவம்பர் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டு டிசம்பர் முதல் வாரத்தில் அனுப்பிவிடுவேன். ஆனால் அனுப்புமுன் ஒப்பந்தத்தில் ‘90 நாளுக்கு முன்னதாகக் கொடுக்கக் கூடாது’ என்ற மாதிரி மேல் எல்லை ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். சில நிறுவனங்கள் ஒரு ஜன்னல் வைத்திருக்கும், அந்த ஜன்னல் திறக்குமுன் போட்ட கடிதத்தைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். உங்களுக்கு அப்படி இருந்தால் மார்ச் 31-க்கு 90 நாள் முன் என்பது டிசம்பர் 31. அப்போது ஜனவரி முதல் வாரத்தில் அனுப்பலாம்.

அனுப்பியதும் ஸ்பீட் போஸ்ட் ரசீதை நகலோடு சேர்த்துப் பின் செய்து வையுங்கள், சேர்ந்ததைக் காட்டும் டிராக்கிங் பக்கத்தை அன்றே அச்செடுத்துவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தப் பக்கம் கிடைக்காமல் போகலாம். கவர் ‘வாங்க மறுத்தார்’ என்று திரும்பி வந்தால் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். சரியான முகவரிக்குப் போய் மறுக்கப்பட்ட தபாலைச் சேர்ந்ததாகவே நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்வது வழக்கம்.

கட்டணத்தைத் தானாகப் பிடித்துக்கொள்ளும்படி வங்கியில் ஏற்பாடு இருந்தால், அதை நிறுத்துவது நோட்டீஸ் ஆகாது. பணம் போவது நிற்கும், ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும், பாக்கி ஏறும். இரண்டையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும், நோட்டீஸ் முதலில்.

தேதி தவறிவிட்டால் முழு ஆண்டுப் பணமும் போயிற்றா என்று அடுத்துக் கேட்பீர்கள். காலக்கெடு விஷயத்தில் நீதிமன்றங்கள் பொதுவாகக் கண்டிப்புதான். கொல்கத்தா நிலக் குத்தகை ஒன்றைப் புதுப்பிக்கக் குறித்த காலத்தைக் கவனக்குறைவால் தவறவிட்ட கால்டெக்ஸ் நிறுவனத்துக்கே உச்ச நீதிமன்றம் சலுகை தரவில்லை. அங்கே புதுப்பிக்க வேண்டியிருந்தது, உங்களுக்கு நிறுத்த வேண்டியிருக்கிறது, ஆனால் தாமதத்தைப் பார்க்கும் கண் ஒன்றுதான். எனவே ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டுவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் நீங்கள் வெளியேறினால் அவர்களுக்கு உண்மையில் என்ன நஷ்டம் என்பது தனிக் கேள்வி. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் எழுதிய தொகையை உச்சவரம்பாக வைத்து நியாயமான இழப்பீட்டை மட்டுமே தருகிறது. ஆளை அனுப்பாமல், உதிரிபாகம் மாற்றாமல், எண்ணெய் கூடப் போடாமல் பன்னிரண்டு மாதப் பணத்தையும் கேட்டால் அதை மறுத்துப் பேசலாம். பெரும்பாலும் இடையில் நிறுத்துவதற்கென்று தனிப் பிரிவு இருக்கும், 30 நாளோ 90 நாளோ. தவறிய மறுநாளே அதைப் பயன்படுத்தி நோட்டீஸ் கொடுங்கள், பேச்சு அதற்குப் பின் நடக்கட்டும்.

இன்னொன்று, பழைய நிறுவனம் மார்ச் 31-இல் போனால் புதியவர் ஏப்ரல் 1 அன்று காலையில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் லிஃப்டுக்கு உரிமம் தேவை, 1997-ஆம் ஆண்டின் சட்டம் அது. நடுவில் பராமரிப்பாளரே இல்லாத ஒரு வாரத்தில் யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால் அறுபது நாள் கணக்கெல்லாம் யாருக்கும் நினைவிருக்காது.

புதியவரோடு கையெழுத்திடும்போது அந்தப் புதுப்பிப்புப் பிரிவில் நாள் எண்ணிக்கையை அடித்துவிட்டு, ‘ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 15 அன்றோ அதற்கு முன்போ அனுப்பப்பட்ட நோட்டீஸ் செல்லும்’ என்று தேதியாகவே எழுதச் சொல்லுங்கள். ‘அனுப்பப்பட்ட’ என்ற சொல் இருந்தால் தபாலில் சேர்த்த ரசீதே போதும். 2028 லீப் ஆண்டு. அப்போது இதே அறுபது நாள் கணக்கு ஒரு நாள் தள்ளி ஜனவரி 30, 31 என்று வரும், உங்கள் பொருளாளர் சொன்ன தேதி அந்த ஆண்டில் சரியாகவே இருந்திருக்கும்.